கைதட்டிய பிறகு மூன்று விநாடி

எனக்குச் சந்தேகப் புத்தி அதிகம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். பால்காரர் அளக்கும்போது ஆழாக்கின் அடியைக் குனிந்து பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் காரணமில்லாமல் சிரித்தால் என் கை சட்டைப் பைக்குப் போய்விடும். ஒலிப்பதிவு உதவியாளன் வேலைக்கு இந்தப் புத்தி ஒருவகையில் தகுதிதான். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, நல்ல ஒலிக்குள் என்ன கெட்டது ஒளிந்திருக்கிறது என்று தேடுகிற தொழில் அது.

எழுபதுகளின் நடுவில் ஒரு கிறிஸ்தவ சபையார் மீனவர் குடும்பம் ஒன்றைப் பற்றி அரைமணி நேரப் படம் எடுத்தார்கள். கோவளத்தில் பத்து நாள் படப்பிடிப்பு. ஒலிப்பதிவுக்கு என் சீனியரும் நானும் போனோம். கடற்காற்று மைக்கில் அடித்த அடியில் பாதி டேப் வீணாகிப்போனது. மீதிப் பாதியில் கேமரா கிரைண்டர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. நடித்தவர்களை ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டு வசனத்தைத் திரும்பப் பேசவைத்துவிடலாம். ஆனால் பழைய டேப்பைத் தூக்கிப் போட்டதும் வசனத்தோடு மற்றதெல்லாம் போய்விடும். திரையில் அந்த மீனவர் மனைவி பேசுகிறாள், நடக்கிறாள், தட்டிக்கதவைத் திறக்கிறாள், சேலையை உதறி இடுப்பில் செருகுகிறாள். பேச்சு மட்டும் கேட்கிறது. பார்க்கிறவனுக்குப் பேய் நடமாடுகிற மாதிரி இருக்கும். அந்த நடையையும் கதவையும் துணியையும் யாராவது தனியாகச் செய்து பதிவு பண்ணியாக வேண்டும்.

ஸ்டுடியோவில் அதற்கு நேரம் வாங்கினால் படம் எடுத்தவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். எல்லாம் கோவளத்து அசல் ஒலி என்று சீனியர் ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். அதனால் கம்பெனியின் ஸ்பூல் டேப் ரிக்கார்டரையும் மைக்கையும் என் கையில் கொடுத்து, பத்து நாள் லீவு போடச் சொன்னார். "வூட்லயே பண்ணிட்டு எடுத்துகினு வா. யார்கிட்டயும் மூச்சு விடாத, இன்னா? சபையார் காதுக்குப் போச்சுன்னா உனக்கும் வேலை கீது, எனக்கும் வேலை கீதுன்னு நினைக்காத." அவர் பயமுறுத்தினார் என்று சொல்ல முடியாது. நான் பயப்படுவதற்குத் தயாராக இருந்தேன்.

நாங்கள் அப்போது இரும்புலியூரில் ஒரு வீட்டின் பாதிப் போர்ஷனில் குடியிருந்தோம். வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மறுபாதியில் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்தம்மா முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளி டீச்சராக இருந்தவர் என்றும், தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல் போய்விட்டது என்றும், முழங்கால் வாதத்தால் எதையாவது பிடித்துக்கொள்ளாமல் எழுந்திருக்க முடியாது என்றும், பேசவேண்டியதை ஒரு சிலேட்டில் எழுதிக் காட்டுவார் என்றும் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் போனதில்லை. அந்த ரயில்வேக்காரர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளை வேட்டியில் சர்ச்சுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். படம் எடுத்ததும் சபையார், இவரும் சபைக்காரர். இது ஒன்று போதாதா என் புத்திக்கு? லீவு போட்ட முதல் நாளே அவரிடம் எனக்குக் காய்ச்சல், டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிவைத்தேன்.

என் மனைவி கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளியில் டீச்சர். காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் திரும்புவாள். அவள் போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு வேலையை ஆரம்பிப்பேன். ஜன்னலுக்கு இலவம்பஞ்சு மெத்தையை முட்டுக்கொடுத்து நிறுத்துவேன். அடுத்த போர்ஷனை ஒட்டிய சுவர்ப் பக்கம்தான் வெளிச்சத்தம் குறைவு, அதனால் அங்கே உட்கார்ந்தேன். மின்சார ரயில் போகிற நேரமெல்லாம் எழுதி ஒட்டியிருந்தேன். பக்கத்துத் தளத்து விமானப்படைக்காரர்கள் எப்போது பறப்பார்கள் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இரவில் செய்யலாமே என்றால், ஏரிப் பக்கத்துத் தவளைகள் விடாது.

கோவளத்திலிருந்து ஒரு கோணி மணல் கொண்டுவந்திருந்தேன். அதைத் தகரத் தட்டில் பரப்பி நடந்தால் தகரம்தான் கேட்டது. தரையில் சாக்கை விரித்து மணலைக் கொட்டினேன். காய்ந்த மணல் அப்பளம் மெல்லுகிற மாதிரி கேட்டது. கொஞ்சம் தண்ணீர் தெளித்த பிறகுதான் கடற்கரை வந்தது. அவள் பெண், நான் எழுபது கிலோ. குதிகாலைத் தூக்கிக்கொண்டு, பாதத்தின் வெளி ஓரத்தால் நடந்து பழகினேன். சேலைக்கு என் மனைவியின் கஞ்சி போட்ட புடவையை எடுத்தேன். காகிதம் கசக்குகிற மாதிரி இருந்தது. நூறு தடவை துவைத்த பழம்புடவைதான் மீனவர் மனைவிக்குச் சரியாக இருந்தது. ஓலைக் குடிசையின் தட்டிக்கதவுக்கு, தென்னந்துடைப்பத்தையும் பிரம்புக் கூடையையும் சேர்த்து இழுத்தேன். கண்ணை மூடிக் கேட்டால் கதவேதான். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வீட்டில் படம் ஓட்டிப் பார்க்க வசதி இல்லை. எடிட்டிங் டேபிளில் படத்தை ஓட்டி, எத்தனையாவது விநாடியில் எத்தனை அடி வைக்கிறாள் என்று முன்பே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்திருந்தேன். ஸ்டாப் வாட்சைப் பார்த்துக்கொண்டு அந்த வேகத்தில் நடப்பேன். பிறகு எடிட்டர் அந்த ஒலியைப் படத்தோடு ஒவ்வோர் அடியாக வெட்டி ஒட்டிப் பொருத்துவார். அவர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலும் எண்ணைச் சொல்லிவிட்டு ஓங்கி ஒரு கை தட்டவேண்டும். டேப்பை வேகமாகச் சுற்றும்போது பேச்சு கலகலவென்று ஓடிவிடும், கைதட்டல் மட்டும் டக்கென்று நிற்கும். அதை வைத்து இடத்தைப் பிடிப்பார். எண், கைதட்டல், ஐந்து விநாடி அமைதி, அதன் பிறகு நடை. இதுதான் முறை.

முதல் நாள் முதல் டேக். எண் சொன்னேன், தட்டினேன். மூன்றாவது விநாடியில் பக்கத்துப் போர்ஷனில் நாற்காலி கிறீச்சென்று நகர்ந்தது. செருப்பு சரக் சரக்கென்று ஓடியது. ஸ்பிரிங் வைத்த கதவு படாரென்று சாத்திக்கொண்டது. சரி, போகட்டும் என்று இரண்டாவது டேக். தட்டினேன். நாற்காலி, செருப்பு, கதவு. அன்றைக்குப் பதினோரு டேக்கில் ஒன்பது போச்சு.

மறுநாளும் அதே கதை. எனக்குப் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் கை தட்டாமல் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. பேப்பர் புரட்டுவதுகூடக் கேட்டது. எழுந்து போய் ஒரே ஒரு தட்டு. நாற்காலி, செருப்பு, கதவு. ஸ்டாப் வாட்சை வைத்துப் பார்த்தேன், சரியாக மூன்று விநாடி. இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? மனுஷன் வராந்தாவில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், நான் வேலை ஆரம்பிக்கிற நேரம் பார்த்துக் கெடுக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஏன் கெடுக்கிறார் என்பதற்கும் பதில் வைத்திருந்தேன். சபையார் காதுக்கு எப்படியோ விஷயம் போய், இவரை உளவு பார்க்க வைத்திருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் குழாயடியில் அவரிடம், கதவைக் கொஞ்சம் மெதுவாகச் சாத்தினால் தேவலை, காய்ச்சலில் தலை வலிக்கிறது என்றேன். அவர் என்னை அலுப்போடு பார்த்தார். தனக்கும் அந்த ஆசைதான் என்றார். எகத்தாளம் பேசுகிறார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் அவரே வந்து என் கதவைத் தட்டினார். நான் மைக்கை மெத்தைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, ஒரு ஜாண் மட்டும் கதவைத் திறந்தேன். அவருக்கு மூச்சு வாங்கியது.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. நீங்க கை தட்டினீங்களா?"

வந்துவிட்டான் உளவாளி என்று நினைத்தேன். அதுதான் உண்மையில் அந்த நிமிஷம் என் மனதில் ஓடியது.

"இல்லையே சார். நான் படுத்துகிட்டிருக்கேன்."

என் கால் மணலாக இருப்பதைப் பார்த்துவிடுவாரோ என்று எனக்குக் கவலை. அவர் எதையும் பார்க்கவில்லை. "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வெறி பிடித்துவிட்டது. டேப் விலை அதிகம், கெட்டுப்போன டேக்கை அழித்து அதன் மேலேயே பதிவு செய்வதுதான் வழக்கம். நான் அழிக்கவில்லை. கெட்டுப்போன ஒவ்வொரு டேக்கையும் பிளேடால் வெட்டியெடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, தனியாக ஒரு சின்ன ஸ்பூலில் சுற்றிவைத்தேன். நாளைக்கு வேலை போகிற நிலைமை வந்தால் சீனியரிடம் போட்டுக் காட்ட ஒரு சாட்சி வேண்டுமே. டப்பாவின் மேல் 'பக்கத்து வீட்டுக்காரர்' என்று எழுதினேன். சனிக்கிழமைக்குள் அதில் இருபத்தேழு டேக் சேர்ந்திருந்தது. கடைசியில் வந்தவற்றில் செருப்பு ஓடவில்லை, மெதுவாக இழுத்துக்கொண்டு நடந்தது. ஆளுக்குச் சலித்துவிட்டது, நான் ஜெயிக்கிறேன் என்று சந்தோஷப்பட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை என் மனைவி பக்கத்துப் போர்ஷனுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். முகம் சரியில்லை. அந்தம்மாவை வருகிற புதன்கிழமை காலை ரயிலில் திருச்சிப் பக்கம் சபையார் நடத்தும் ஒரு விடுதிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்களாம். அந்தம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டதாம். என்ன செய்கிறார் என்று கேட்டேன். குரல் இல்லாததால், ஏதாவது வேண்டுமென்றால் கை தட்டித்தான் புருஷனைக் கூப்பிடுவாராம். வகுப்பில் பிள்ளைகளைத் தட்டிக் கூப்பிட்டு வந்த பழக்கம். இப்போது ஒரு வாரமாகச் சும்மா சும்மா தட்டுகிறார், ஓடிவந்து கேட்டால் நான் தட்டவேயில்லை என்று சிலேட்டில் எழுதுகிறார். புருஷனுக்கும் எழுபது வயது ஆகப்போகிறது. எத்தனை தடவை ஓடுவார்?

அதோடு அவள் நிறுத்தவில்லை. அந்தம்மாவுக்கே இப்போது தன் மேல் நம்பிக்கை இல்லையாம். தன்னை அறியாமல் தட்டிவிடுகிறோமோ என்று இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். என் மனைவி தண்ணீர் கொடுத்தபோதும் கையை எடுக்கவில்லை. டம்ளரை வாயருகே பிடித்துத்தான் கொடுத்தாளாம். நேற்று படுக்கை நனைந்துவிட்டது, அப்படியும் கூப்பிடவில்லை.

நான் ஒட்டி உட்கார்ந்து தட்டிய சுவருக்கு மறுபக்கம்தான் அந்தம்மாவின் கட்டில் தலைமாடு என்று அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சாயங்கால வேளைகளில் அந்தப் பக்கம் கேட்ட தட்டல்களை மூன்று மாதமாகக் கொசு அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனால் என் மனைவிக்குப் பதிவு செய்கிறேன் என்பது மட்டும்தான் தெரியும், கைதட்டுகிற முறை தெரியாது. அதனால் நான் வாயைத் திறக்கவில்லை.

இங்கே நான் நல்லவனாகக் காட்டிக்கொள்ள முடியாது. திங்களும் செவ்வாயும் மிச்சமிருந்த டேக்குகளை முடித்தேன். கைக்குப் பதில் டம்ளரில் பென்சிலால் தட்டினேன். பக்கத்தில் நாற்காலி நகரவில்லை, ஒரு டேக்கும் கெடவில்லை. வேலை முடிந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு பக்கம். இப்போது போய்ச் சொன்னால் காய்ச்சல் பொய் வெளியாகும், டேப் விஷயம் வெளியாகும், மனுஷர் நேரே சபைக்குப் போவார் என்று ஒரு பக்கம். இதற்கு நடுவே என் புத்தி இன்னொன்றும் சொன்னது: மனைவியைத் தள்ளிவிட அவர் ஒரு சாக்கைத் தேடிக்கொண்டிருந்தாலும் இருக்கலாம், அதில் நம் தப்பு என்ன? இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய் சாயங்காலம் நல்ல டேக்குகளையெல்லாம் சரிபார்த்து முடித்து, கதவின் தாழை எடுத்தேன். அந்தச் சின்ன ஸ்பூலை அழித்துவிடுவது நல்லது என்று தோன்றியது. அழிப்பதற்கு முன்னால் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்று, சத்தத்தைக் குறைத்து ஸ்பீக்கரில் போட்டேன். என் குரல், எண், கைதட்டல். நாற்காலி, செருப்பு, கதவு. மறுபடி எண், கைதட்டல். ஐந்தாறு போயிருக்கும். திரும்பிப் பார்த்தால் என் மனைவி பையைக்கூடக் கீழே வைக்காமல் கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. டப்பாவின் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் கேட்கவில்லை.

"நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" என்றாள்.

ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். பேட்டரியில் ஓடுவது, பத்து கிலோவுக்குக் குறையாது. வாழ்நாளில் முதல்முறையாக அந்தக் கதவைத் திறந்து உள்ளே போனேன். அது என் பின்னால் படாரென்று சாத்திக்கொண்டது. அறையில் ஒரு டிரங்குப் பெட்டி கட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் மடித்த ஜமுக்காளம், ஒரு பைபிள், மருந்துப் பை. அந்தம்மா கட்டிலில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கைகள் வெளியே தெரியவில்லை. சிலேட்டு பக்கத்தில் கிடந்தது.

நான் எழுபது வார்த்தை தயார்பண்ணிக்கொண்டு போயிருந்தேன். "சார், தட்டினது நான்தான்" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. ரிக்கார்டரைக் கட்டிலின் ஓரத்தில் வைத்து ஸ்பூலைப் போட்டுவிட்டேன்.

என் குரல் எண் சொன்னது. கைதட்டல் விழுந்தது. சார் தன்னை அறியாமல் கட்டில் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு, நின்றார். டேப்பில் நாற்காலி நகர்ந்தது, அவருடைய செருப்பு ஓடியது, இதோ இந்தக் கதவு சாத்திக்கொண்டது. நான் நிறுத்தப் போனேன், அவர் கையைக் காட்டித் தடுத்தார். இருபத்தேழையும் கேட்டார். முதலில் ஓடிய செருப்பு நடந்ததையும், நடந்தது பிறகு இழுபட்டதையும் அவரே கேட்டார். அந்தம்மா சுவரைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். ஸ்பூல் முடிந்து டேப்பின் வால் படபடவென்று அடித்துக்கொண்டபோதுதான் நான் ரிக்கார்டரை நிறுத்தினேன்.

படத்தைப் பற்றி, சீனியரைப் பற்றி, சபையாருக்குப் பயந்ததைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யாரிடமும் சொல்லவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது; எந்தப் படம் என்றுகூட அவர் கேட்கவில்லை. படமும் வெளிவந்தது, நடை ரொம்ப இயற்கையாக இருக்கிறது என்று சபையார் பாராட்டினார்களாம். அன்றைக்கு அவர் செய்ததெல்லாம் டிரங்குப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்ததுதான். முடிச்சு இறுகிக் கிடந்தது, லேசில் வரவில்லை. நான் உதவப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டார். காலையில் ஸ்டேஷனுக்குப் போகவேண்டாம், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பெட்டியிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்போது அந்தம்மா தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தார். விரல்களெல்லாம் வெளுத்து மரத்திருந்தன. கொஞ்ச நேரம் அவற்றைத் தேய்த்துக்கொண்டார். பிறகு சிலேட்டை மடியில் வைத்து, கரும்பலகையில் எழுதுகிற அதே அழகான உருண்டை எழுத்தில், அவசரப்படாமல் எழுதினார். எழுதி முடித்துப் புருஷனிடம் நீட்டினார்.

அவர் வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார், தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியை எங்கோ பையில் கட்டிவிட்டார் போலிருக்கிறது.

"என்ன எழுதியிருக்கா? தம்பி, நீங்க படிங்க."

சிலேட்டு என் கைக்கு வந்தது. படிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று பார்த்தேன். அந்தம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் எழுப்பிவிட்ட பையன் மாதிரி நின்றுகொண்டு வாய்விட்டுப் படித்தேன்.

"தட்டுவது சுவருக்கு அந்தப் பக்கம் என்று முதல் நாளே எழுதினேன். நீங்கள் போய் அவரைக் கேட்டீர்கள். அவர் இல்லை என்றார். அவரை நம்பினீர்கள்."

அவர் கயிற்றைப் பிடித்தபடியே பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நான் சிலேட்டைத் துடைக்கலாமா என்பதுபோல அந்தம்மாவைப் பார்த்தேன். அவர் கூடாது என்று தலையசைத்தார். எதிர்ச் சுவரின் அலமாரியை விரலால் காட்டி, அங்கே, புருஷன் கதவைத் திறந்து உள்ளே வந்ததும் கண்ணில் படும்படிச் சாய்த்து வைக்கச் சொல்லி எனக்குச் சைகை செய்தார். வைத்துவிட்டு வந்தேன்.